போனில் டாக்டரைப் பார்த்த செலவை இன்சூரன்ஸ் தருமா?

2025 பிப்ரவரியில் என் பெரியப்பாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்காக மதுரையில் ஆபரேஷன் நடந்தது. மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி பில்லை கேஷ்லெஸ் முறையில் இன்சூரன்ஸ் கம்பெனியே கட்டிவிட்டது. ஏப்ரல் கடைசியில் நான் தேனிக்குப் போனபோது, அவர் பழைய எக்ஸ்ரே கவர் ஒன்றை என் முன்னால் கவிழ்த்தார். ஸ்கேன் ரசீது, மருந்துக்கடை பில், ஜெராக்ஸ் எடுத்த போன் திரை என்று கலந்து கிடந்தது. "ஏம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் போன்லயேதான் டாக்டரைப் பார்த்தேன். இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ்காரங்க காசு குடுப்பாங்களா?" என்று கேட்டார்.

நான் எட்டு வருடம் ஒரு டிபிஏ அலுவலகத்தில், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக கிளைம் காகிதங்களைச் சரிபார்க்கும் இடத்தில், வேலை பார்த்தவள். இந்தக் கேள்வியை வேறு வேறு வடிவத்தில் கேட்டவர்கள் நிறையப் பேர். பெரியப்பாவின் காகிதங்களை வைத்தே பதில் சொல்கிறேன். அவற்றில் சரியாக இருந்தவையும் உண்டு, வழக்கமாக எல்லோரும் செய்கிற தவறுகளும் உண்டு.

விதி என்ன சொல்கிறது

இந்தியாவில் டாக்டர்கள் வீடியோவிலும் போனிலும் நோயாளியைப் பார்க்கலாமா என்பதில் வெகுகாலம் தெளிவு இல்லாமல் இருந்தது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நேரத்தில், 2020 மார்ச் 25 அன்று, டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. பதிவு பெற்ற எந்த அலோபதி டாக்டரும் வீடியோ, ஆடியோ, எழுத்துச் செய்தி ஆகிய மூன்று வழிகளிலும் நோயாளிக்கு ஆலோசனை சொல்லலாம் என்று அவை அனுமதித்தன. கூடவே நிபந்தனைகளும் வந்தன.

அதே ஆண்டு ஜூன் 11 அன்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதன் சாரம் இதுதான்: ஒரு பாலிசியில் டாக்டரைப் பார்க்கும் செலவு எங்கெல்லாம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதோ, அங்கெல்லாம் டெலிமெடிசினையும் அனுமதிக்க வேண்டும். அந்த ஆலோசனை மார்ச் 25 நெறிமுறைகளின்படி நடந்திருக்க வேண்டும். பாலிசியில் ஏற்கெனவே உள்ள உச்சவரம்புகள் அப்படியே பொருந்தும், அவற்றில் தளர்வு கிடையாது.

"எங்கெல்லாம் அனுமதிக்கப்பட்டிருக்கிறதோ" என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்தச் சுற்றறிக்கை யாருக்கும் புதிதாக ஒரு சலுகையைக் கொடுக்கவில்லை. இதே டாக்டரை நேரில் போய்ப் பார்த்திருந்தால் என் பாலிசி பணம் கொடுத்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கொடுத்திருக்கும் என்றால் போனில் பார்த்ததற்கும் கொடுக்க வேண்டும். நேரில் பார்த்திருந்தாலே கிடைக்காது என்றால் போனில் பார்த்ததற்கும் கிடைக்காது.

நம் ஊரில் பெரும்பாலான குடும்பங்கள் வைத்திருப்பது ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் தருகிற பாலிசிதான். குறைந்தது 24 மணி நேரம் அட்மிட் ஆகியிருக்க வேண்டும், அல்லது ஒரே நாளில் முடிகிற அறுவை சிகிச்சைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். சாதாரணக் காய்ச்சலுக்கு வீட்டிலிருந்தபடி ஒரு ஆப் வழியாக டாக்டரிடம் பேசி 500 ரூபாய் கட்டியவருக்கு இந்தப் பாலிசி எதுவும் தராது. தெருமுனை கிளினிக்கில் அதே 500 ரூபாயைக் கட்டியிருந்தாலும் தந்திருக்காது. "ஆன்லைன் என்பதால் தள்ளுபடி செய்துவிட்டார்கள்" என்று கோபப்பட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த வகை. தள்ளுபடிக்குக் காரணம் அது வெளிநோயாளிச் செலவு என்பது.

எந்த வழிகளில் பணம் வரும்

மூன்று வழிகள் இருக்கின்றன.

அதிகம் பேருக்குப் பயன்படக்கூடியதும் அதிகம் பேர் கவனிக்காததும் ஒன்று உண்டு: ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னும் பின்னும் ஆகிற செலவு. அட்மிட் ஆவதற்கு முந்தைய இத்தனை நாள், டிஸ்சார்ஜ் ஆன பிந்தைய இத்தனை நாள் என்று ஒவ்வொரு பாலிசியிலும் எழுதியிருக்கும். எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்கிற ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் முன்பு 30 நாள், பின்பு 60 நாள். வேறு பாலிசிகளில் இது 60க்கு 90, 90க்கு 180 என்றும் இருக்கும். அந்த நாட்களுக்குள், எந்த நோய்க்காக அட்மிட் ஆனாரோ அதே நோய்க்காக டாக்டரைப் பார்த்த செலவு, பரிசோதனை, மருந்து எல்லாவற்றையும் கேட்கலாம். டாக்டரை வீடியோவில் பார்த்திருந்தாலும் சரிதான். ஆபரேஷனுக்குப் பிறகு தேனியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போவதைவிட வீடியோவில் தையலைக் காட்டுவதுதான் பல பேருக்கு நடைமுறை. அந்தக் கட்டணத்தையும் கேட்கலாம் என்று தெரியாமலேயே விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, வெளிநோயாளிச் செலவுக்கான ஓபிடி காப்பீடு. சில பாலிசிகளில் உள்ளேயே வரும், சிலவற்றில் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். இதில் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்த செலவும் வரும். ஆண்டுக்கு இத்தனை ரூபாய், ஒரு முறைக்கு இத்தனை ரூபாய், இத்தனை முறை என்று வரம்பு இருக்கும். கம்பெனி ஒப்பந்தம் செய்துள்ள டாக்டர்களிடம்தான் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கலாம். வெளியே பார்த்தால் பில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாமா, கூடாதா என்பதை மட்டும் பாலிசி வாங்கும்போதே கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "எத்தனை முறை வேண்டுமானாலும் இலவச டெலி கன்சல்டேஷன்" என்று பாலிசி விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அது கம்பெனி தன் ஆப் வழியாக, தான் ஏற்பாடு செய்த டாக்டர்களை வைத்துத் தருகிற ஒரு சேவை. அதைப் பயன்படுத்தினால் உங்கள் கையிலிருந்து பணம் போகாது, அவ்வளவுதான். நீங்களாக வேறொரு டாக்டருக்கு 700 ரூபாய் கட்டிவிட்டு, "இலவசம் என்று போட்டிருக்கிறதே" என்று அந்த 700ஐத் திரும்பக் கேட்க முடியாது.

பேசியதெல்லாம் ஆலோசனை ஆகாது

கிளைம் பார்ப்பவர் முதலில் பார்ப்பது, மறுமுனையில் பேசியவர் பாலிசி சொல்கிற "மருத்துவர்" தானா என்பதை. இந்தியாவில் ஏதாவது ஒரு மாநில மருத்துவ கவுன்சிலிலோ தேசிய அளவிலோ பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். ஆயுர்வேதம், சித்தா, ஹோமியோபதிக்கு அவற்றுக்கான கவுன்சில்கள் உண்டு. அமெரிக்காவில் டாக்டராக இருக்கும் உறவுக்காரரிடம் வீடியோவில் ரிப்போர்ட்டைக் காட்டி யோசனை கேட்கலாம், அதற்கு இங்கே கிளைம் கிடையாது. டயட்டீஷியனும் பிசியோதெரபிஸ்ட்டும் உதவியாக இருப்பார்கள், ஆனால் இந்த இலக்கணத்தின்படி அவர்கள் மருத்துவர் இல்லை. அவர்களுக்கான கட்டணம் வேண்டுமென்றால் பாலிசியில் தனியாக எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது மருந்துச்சீட்டு. நெறிமுறைகள் மருந்துகளைப் பிரித்து வைத்திருக்கின்றன. பாராசிட்டமால், ஓஆர்எஸ் போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் எழுதலாம். அதற்கு அடுத்த பட்டியலில் உள்ளவற்றை, அந்த டாக்டரை முதல் முறையாகப் பார்க்கிறீர்கள் என்றால், வீடியோவில் பார்த்தால்தான் எழுதலாம். மூன்றாவது பட்டியல், ஏற்கெனவே நேரில் பார்த்து அதே நோய்க்குத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும். மார்ஃபின், கோடீன் போன்ற போதை வகை மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதவே கூடாது.

"தொடர்ந்து பார்க்கிறவர்" என்பதற்கும் அளவு இருக்கிறது. அதே டாக்டர், அதே நோய், நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடமே போனில் பேசுவது இதற்குள் அழகாக அடங்கிவிடும். எனவே அது வெறும் ஆடியோ அழைப்பாக இருந்தாலும் கேள்வி வராது. ஆனால் இதுவரை பார்த்தே இராத ஒரு டாக்டர், சாட்டில் நாலு வரி பேசிவிட்டு நீளமாக மருந்து எழுதினால், நெறிமுறைப்படி நடக்கவில்லை என்று கிளைம் பிரிவு நிறுத்திவைக்க இடம் இருக்கிறது. முதல் முறை என்றால் வீடியோவைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

காகிதம் எப்படி இருக்க வேண்டும்

ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறது, சீல் இருக்கிறது, அட்மிஷன் எண் இருக்கிறது. போனில் பேசியவருக்கு அந்தப் பேச்சு நடந்தது என்பதற்கே காகிதம்தான் சாட்சி. மருந்துச்சீட்டு, கட்டண ரசீது, இவற்றால் வந்த மற்ற பில்கள் என்று மூன்றும் ஒன்றையொன்று சுட்டிக்காட்டி நிற்க வேண்டும்.

மருந்துச்சீட்டில் டாக்டரின் பெயர், படிப்பு, பதிவு எண், முகவரி இருக்க வேண்டும். பதிவு எண்ணை ரசீதிலும், வாட்ஸாப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புகிற செய்தியிலும்கூடக் காட்ட வேண்டும் என்று நெறிமுறை டாக்டர்களைக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே அதைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அதற்குக் கீழே ஆலோசனை நடந்த தேதி, நோயாளியின் பெயர், வயது, பாலினம், என்ன தொந்தரவு, நோய் என்ன அல்லது என்னவாக இருக்கக்கூடும், என்ன பரிசோதனை, என்ன மருந்து எத்தனை நாள், கடைசியில் டாக்டரின் கையெழுத்து. கையெழுத்திட்ட சீட்டைப் போட்டோ எடுத்தோ ஸ்கேன் செய்தோ அனுப்பினாலும் செல்லும்.

இவற்றில் ஒரு வரியைத்தான் நான் எப்போதும் முதலில் தேடுவேன். நோயின் பெயர் எழுதியிருக்கிறதா? பல ஆன்லைன் சீட்டுகளில் மருந்துகள் மட்டும் வரிசையாக இருக்கும், எதற்கு என்று இருக்காது. அட்மிட் ஆன நோய்க்கும் இந்த ஆலோசனைக்கும் உள்ள தொடர்பைக் காட்டுவது அந்த ஒரு வரிதான். "பித்தப்பை அகற்றிய பின் ஒன்பதாம் நாள், தையல் பார்க்க" என்று டாக்டர் எழுதிவிட்டால் கிளைம் பார்ப்பவர் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அழைப்பு முடிவதற்கு முன்பே, "டாக்டர், இன்சூரன்ஸுக்குக் கொடுக்கணும், ஆபரேஷன் விவரத்தை மேலே எழுதிடுங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. ஒரு மாதம் கழித்துக் கேட்டால் பதில் வராது.

கட்டண ரசீதையும் டாக்டர் தர வேண்டும் என்பது நெறிமுறையிலேயே இருக்கிறது. நேரில் பார்த்ததைப் போலவே கட்டணம் வாங்கலாம், வாங்கியதற்கு ரசீது தர வேண்டும். ரசீது எண், தேதி, நோயாளியின் பெயர், டாக்டரின் பெயர், தொகை, பணம் பெறப்பட்டது என்ற குறிப்பு ஆகியவை அதில் வேண்டும். ஜிபே திரையை எடுத்த ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது. இவரிடமிருந்து அவருக்கு 500 ரூபாய் போனது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரிகிறது. எதற்காகப் போனது, யாருக்காகப் போனது என்று அது சொல்லாது. ரசீதோடு கூடுதல் சான்றாக அதை வைக்கலாம்.

"ஒரிஜினல் பில் வேண்டும்" என்ற வரி கிளைம் படிவத்தில் இருக்கும். ஆன்லைன் பில்லுக்கு ஒரிஜினல் என்பது மின்னஞ்சலில் வந்த அந்த பிடிஎஃப் கோப்புதான். அதை அப்படியே பதிவேற்றுங்கள், காகிதம் கேட்டால் அதையே பிரிண்ட் எடுங்கள். கம்ப்யூட்டர் திரையை போனில் போட்டோ எடுத்து, அதை வாட்ஸாப்பில் அனுப்பி, அதை பிரிண்ட் எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். எண்கள் மங்கிப்போய்க் கிடக்கும். அழைப்பு நேரமும் கால அளவும் காட்டும் கால் லாக், டாக்டர் அனுப்பிய வாட்ஸாப் செய்தி ஆகியவற்றையும் கிளைம் முடிகிற வரை அழிக்காமல் வைத்திருங்கள். சந்தேகம் எழுப்பினால் காட்டலாம்.

பரிசோதனைக்கும் மருந்துக்கும் விதி பழையதுதான். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு இல்லாத ஸ்கேனுக்கும் மாத்திரைக்கும் பணம் வராது. வீடியோவில் பார்த்த டாக்டரின் சீட்டு இங்கே முழுச் சீட்டாகவே எண்ணப்படும். அரசின் இ-சஞ்சீவனி சேவையில் டாக்டரைப் பார்த்தால் கட்டணமே இல்லை, ஆகவே ஆலோசனைக்காகக் கேட்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் சீட்டை வைத்து வாங்கிய மருந்தை, பாலிசியில் அந்தச் செலவுக்கு இடமிருந்தால், கேட்கலாம்.

பெரியப்பாவின் கவர்

இப்போது அந்தக் காகிதங்களைத் தரையில் பரப்பிய இடத்துக்கு வருகிறேன். அவருடையது முன்பு 30 நாள், பின்பு 60 நாள் என்ற பாலிசி. ஒவ்வொரு கிளைமிலும் 5 சதவீதத்தை அவரே ஏற்க வேண்டும். பாலிசி எடுத்து நாலு வருடம் தாண்டிவிட்டதால் பித்தப்பைக் கல்லுக்கான காத்திருப்புக் காலமும் முடிந்திருந்தது. பிப்ரவரி 20 அட்மிஷன், 22 டிஸ்சார்ஜ். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு, ஜனவரி 21 முதல் ஏப்ரல் 23 வரை என்று எல்லையை முதலில் எழுதினேன். இதற்கு வெளியே இருப்பது எதுவாக இருந்தாலும் தனியாக வைத்துவிடலாம்.

முதல் காகிதம் பிப்ரவரி 12. சாப்பிட்ட பிறகு வலது பக்க மேல்வயிறு வலிக்கிறது என்று ஒரு ஆப் வழியாக டாக்டரிடம் வீடியோவில் பேசியிருக்கிறார். டாக்டர் கட்டணம் 600, ஆப்பின் சேவைக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 59, மொத்தம் 659. சீட்டில் பித்தப்பைக் கல் சந்தேகம் என்று தெளிவாக எழுதி, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ரசீதில் நோயாளியின் பெயர் இருந்த இடத்தில் என் அண்ணன் பெயர் இருந்தது, வயது 36. ஆப்பை அண்ணன் போனில் வைத்திருக்கிறார்கள், அவன் கணக்கிலேயே பெரியப்பாவுக்கும் புக் செய்துவிட்டார்கள்.

வீட்டில் ஒரே ஒரு பிள்ளை எல்லோருக்கும் புக் செய்கிற குடும்பங்களில் இது வாராவாரம் நடக்கிறது. ஆப்களில் "குடும்ப உறுப்பினரைச் சேர்" என்று ஓர் இடம் இருக்கும். அங்கே நோயாளியின் பெயர், வயதை பாலிசியில் உள்ளபடியே சேர்த்து, அவரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் புக் செய்ய வேண்டும். பணம் யார் கணக்கிலிருந்து போனது என்பது பெரும்பாலும் பிரச்சினை ஆவதில்லை, யாருக்காக என்பதுதான் கேள்வி. சீட்டில் பெரியப்பா பெயர் சரியாக இருந்ததால், அதையே காட்டி ஆப்பின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினோம். நாலு நாளில் திருத்திய ரசீது வந்தது.

பிப்ரவரி 13 தேதியிட்ட ஸ்கேன் 1,100, ரத்தப் பரிசோதனை 850. இரண்டுக்கும் வீடியோ டாக்டரின் சீட்டே ஆதாரம். சிக்கல் இல்லை.

மார்ச் 3, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் வீடியோ, 500 ரூபாய். தையலைக் காட்டியிருக்கிறார். அவர் எழுதிய மருந்து 740 ரூபாய். இரண்டும் முழுமையாக இருந்தன. சீட்டின் தலைப்பிலேயே ஆபரேஷன் தேதி.

மார்ச் 20, அதே டாக்டரிடம் போன், 500 ரூபாய். இதற்குத்தான் அந்த ஜெராக்ஸ் எடுத்த ஜிபே திரை. ரசீது இல்லை, டாக்டர் சொன்னதும் வாட்ஸாப்பில் ஒரு வரி: "அதே மாத்திரை இன்னும் ஏழு நாள்." கிளினிக்குக்கு போன் செய்தேன். ரிசப்ஷனில் இருந்த பெண், "பேஷன்ட் கேட்டா குடுப்போம் மேடம், அவங்க கேக்கலையே" என்றார். அழைப்பு நடந்த தேதியைப் போட்டு ரசீதும், டாக்டர் கையெழுத்திட்ட சீட்டும் மறுநாள் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். கேட்டதும் தந்த நல்ல கிளினிக்.

மார்ச் 28, தோல் டாக்டர், 500 ரூபாய், கால் அரிப்புக்கு. எல்லைக்குள் இருக்கிற தேதி, குறையில்லாத ரசீது, பதிவு எண்ணும் இருக்கிறது. ஆனால் பித்தப்பைக்கும் கால் அரிப்புக்கும் தொடர்பு இல்லை. பெரியப்பாவுக்கு இது புரியவே இல்லை. "அறுபது நாளைக்குள்ளதானம்மா பார்த்தேன்?" என்றார். நாள் கணக்கு மட்டும் போதாது, நோயும் அதேதாக இருக்க வேண்டும் என்று சொல்லி அதை ஒதுக்கினேன்.

ஏப்ரல் 28, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கடைசி வீடியோ, 500 ரூபாய். நோய் அதேதான், டாக்டர் அவரேதான், ஆனால் ஏப்ரல் 23 தாண்டி ஐந்து நாள். ஒரு வாரம் முன்னதாகப் பேசியிருந்தால் வந்திருக்கும். டிஸ்சார்ஜ் ஆன அன்றே கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.

சேவைக் கட்டணமான 59 ரூபாய் டாக்டருக்குப் போனதல்ல, ஆப் நடத்துகிறவர்களுக்குப் போனது. கிளைம் பிரிவு இதை மருத்துவச் செலவாக எடுப்பதில்லை. அதனால்தான் ரசீதில் டாக்டர் கட்டணமும் சேவைக் கட்டணமும் தனித்தனி வரியாக இருப்பது நல்லது. மொத்தமாக "659" என்று ஒரே வரியில் இருந்தால் பிரித்துத் தரச் சொல்லி ஒரு கேள்வி வரும், அதற்கு ஒரு வாரம் போகும்.

கூட்டிப் பார்த்தோம். கவரில் இருந்தது மொத்தம் 5,349 ரூபாய். அதில் 59, தோல் டாக்டரின் 500, ஏப்ரல் 28இன் 500 போக மீதி 4,290. அதில் 5 சதவீதமான 214 ரூபாய் 50 காசை பெரியப்பா ஏற்க வேண்டும். வர வேண்டியது 4,075 ரூபாய் 50 காசு.

இன்னொரு தேதியும் இருக்கிறது, பலர் இதில்தான் வழுக்கி விழுகிறார்கள். ஆஸ்பத்திரி பில் கேஷ்லெஸ்ஸில் முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முன்பின் செலவுகளை நாம்தான் தனியாக அனுப்ப வேண்டும். பெரியப்பாவின் பாலிசியில், அட்மிட் ஆவதற்கு முந்தைய செலவுக்கான காகிதங்களை டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள்ளும், பிந்தைய செலவுக்கானவற்றை அந்தச் சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும். முதல் கெடு மார்ச் 24 அன்றே போய்விட்டது. பிப்ரவரி மாதத்து மூன்று பில்களுக்கும் தாமதத்துக்கான காரணத்தை ஒரு கடிதமாக எழுதி இணைத்தோம். ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருந்தார், கிளைம் செய்யலாம் என்பதே தெரியாது என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் கம்பெனி ஏற்கலாம், ஆனால் அது அவர்கள் கையில்தான் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும், கேஷ்லெஸ் கிளைம் எண்ணையும் கூடவே வைத்தோம். அந்த எண் இல்லாவிட்டால் இந்தச் சின்ன பில்கள் எந்த அட்மிஷனைச் சேர்ந்தவை என்று தெரியாமல் தனியாக மிதக்கும்.

மறுத்துவிட்டால்

முதலில் வந்த பதில், நாங்கள் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. மார்ச் 20 தொலைபேசி ஆலோசனையான 500 ரூபாயை மட்டும் "டெலி கன்சல்டேஷன் பாலிசியில் இல்லை" என்று கழித்திருந்தார்கள். மார்ச் 3 வீடியோவுக்குக் கொடுத்திருக்கிறார்கள், பிப்ரவரி பில்களையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், இதற்கு மட்டும் இல்லை என்கிறார்கள். யாரோ ஒருவர் அவசரத்தில் தட்டிய காரணம் என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. இப்படிப்பட்ட பதிலைப் பார்த்து, 500 ரூபாய்தானே என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. அது அவர்கள் பிரீமியம் கட்டி வாங்கிய உரிமை.

மறுப்புக்கு எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் சொல்ல வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. அதைக் கேட்டும், மூன்று விஷயங்களைச் சொல்லியும் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். பாலிசியில் ஆஸ்பத்திரிக்குப் பிந்தைய 60 நாளில் டாக்டர் ஆலோசனைக் கட்டணம் உண்டு. 2020 ஜூன் 11 சுற்றறிக்கையின்படி அங்கே டெலிமெடிசினையும் அனுமதிக்க வேண்டும். அறுவை சிகிச்சை செய்த அதே டாக்டர், அதே நோய், ஆறு மாதத்துக்குள் என்பதால் இது நெறிமுறைப்படி நடந்த தொடர் ஆலோசனை. கீழே சீட்டும் ரசீதும் இணைப்பு. பெரியப்பா தமிழில் சொல்ல, அண்ணன் தட்டச்சு செய்தான்.

கம்பெனி ஒரு மாதம் வரை பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன்பே ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதிந்து வைக்கலாம்.

பெரியப்பாவுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் 475 ரூபாய் தனியாகக் கணக்கில் ஏறியது, 500இல் அவருடைய 5 சதவீதம் போக. அன்று மாலையே போன் செய்தார். காசைப் பற்றிப் பேசவில்லை. பெரியம்மாவுக்கு அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷன் இருக்கிறது, இப்போதே ஆப்பில் அவள் பெயரைச் சேர்த்தாகிவிட்டது, வயதைப் பாலிசியில் உள்ளபடி 61 என்று போடுவதா, ஆதாரில் உள்ளபடி 62 என்று போடுவதா என்று கேட்டார். பாலிசியில் உள்ளபடி போடுங்கள், பிறகு பாலிசியைத் திருத்த கம்பெனிக்கு எழுதுங்கள் என்றேன்.